வலப்பக்கத்தை மூடிப் படித்தபோது: ஓர் ஓ.ஆர்.எஸ். வீடியோவின் இரண்டு பத்தி ஸ்கிரிப்ட்

செவிலியர் பயிற்சி மாணவிகள் மூவர் ஒரு வீடியோ எடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு வீட்டிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசல் தயாரித்துக் கொடுப்பது எப்படி என்பதுதான் பொருள். நீளம் இரண்டு நிமிடத்தைச் சுற்றி இருக்க வேண்டும். கேமரா ஒரு போன், கூட ஒரு சின்ன ட்ரைபாட், எடுக்கும் இடம் ஒருவரின் வீட்டுச் சமையலறை. மூவரில் யாருக்கும் வீடியோ எடுத்துப் பழக்கமில்லை. ஸ்கிரிப்டைத் திட்டமிட உதவுவது என் வேலை.

இந்த வீடியோ இரண்டு வழிகளில் மக்களிடம் போக இருந்தது. ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் இருக்கும் டிவி. அங்கே கூட்டமும் சத்தமும் எப்போதும் இருக்கும், டிவியின் ஒலியைப் பெரும்பாலும் குறைத்தே வைத்திருப்பார்கள். இன்னொன்று வாட்ஸப். அதில் வரும் வீடியோவை அடுப்பில் வேலையாக இருப்பவர்கள் போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேட்பார்கள். அதாவது ஒரு கூட்டம் படத்தை மட்டும் பார்க்கும், இன்னொரு கூட்டம் பேச்சை மட்டும் கேட்கும். இரண்டு பத்தி அட்டவணையைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதல் காரணம். படம் தனியாகவும் பேச்சு தனியாகவும் நிற்கிறதா என்று எடுப்பதற்கு முன்பே பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாளை நெடுக்காக இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதுக்குக் கேட்பதையும் எழுதுவது. ஒரு வரிசையில் இருக்கும் படமும் பேச்சும் ஒரே நேரத்தில் நடக்கும். படம் மாறும் இடத்தில் அடுத்த வரிசை தொடங்கும். புதிதாக எழுதுபவர்கள் வழுக்குவது இந்தக் கடைசி விதியில்தான். அவர்கள் பொருள் மாறும்போது வரிசையை மாற்றுகிறார்கள், படம் மாறும்போது மாற்றுவதில்லை.

மாணவிகள் கொண்டுவந்த முதல் அட்டவணையும் அப்படித்தான் இருந்தது. அதன் நடுப்பகுதி:

| படம் | பேச்சு |
|---|---|
| தயாரிக்கும் முறை | முதலில் கைகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து, அதில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். தூளை முழுவதும் கொட்டி, நன்றாகக் கரையும்வரை கலக்க வேண்டும். இந்தக் கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். |
| தாய் குழந்தைக்குக் கொடுக்கிறார் | குழந்தைக்கு ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் இந்தக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். |

பேச்சில் மருத்துவத் தவறு எதுவும் இல்லை. பாடத்தை நன்றாகப் படித்தவர்கள், சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இடப்பக்கத்தில் இருக்கும் ‘தயாரிக்கும் முறை’ என்பதை யாராலும் படம் எடுக்க முடியாது. அது ஒரு தலைப்பு. போனை எங்கே வைப்பது, ஃபிரேமுக்குள் என்ன இருக்கும், யாருடைய கை எதைச் செய்யும் என்று எதுவும் அதில் இல்லை. படப்பிடிப்பு நாளில் இந்தக் கட்டத்தைப் பார்ப்பவர் அங்கேயே நின்று யோசிக்க வேண்டிவரும். யோசிக்கும் நேரத்தில் ஜன்னல் வெளிச்சம் மாறிவிடும்.

அதனால் முதல் வேலையாக வலப்பக்கத்தைத் தொடாமல் இடப்பக்கத்தை மட்டும் திருத்தச் சொன்னேன். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எங்கிருந்து பார்க்கிறோம், என்ன தெரிகிறது, என்ன அசைகிறது. ‘மேலிருந்து. மேசைமேல் பாத்திரம். கை பாக்கெட்டைக் கொட்டுகிறது.’ இவ்வளவு போதும். இப்படி எழுத ஆரம்பித்ததுமே அந்த ஒற்றைக் கட்டம் தானாக ஆறேழு கட்டமாக உடைந்தது. கை கழுவும் இடம் வேறு, தண்ணீர் ஊற்றும் இடம் வேறு. ஒரே வரிசைக்குள் இரண்டும் இருக்க முடியாது.

அடுத்தது நேரம். ஆங்கில வழிகாட்டிகளில் நிமிடத்துக்கு 130 முதல் 150 சொல் என்று ஒரு கணக்கு இருக்கும். அதைத் தமிழுக்குப் பயன்படுத்தினால் திட்டம் தப்பிவிடும். ‘கரைத்துவைத்திருக்கிறீர்களா’ என்பது நமக்கு ஒரே சொல், அதைச் சொல்ல ஆகும் நேரமோ ஆங்கிலத்தின் நாலைந்து சொல்லுக்குச் சமம். ஆகவே சொல்லை எண்ண வேண்டாம். ஒருவர் சத்தமாக, வீடியோவில் பேசப்போகும் அதே நிதானத்தில் படிக்க, இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்து ஒவ்வொரு வரிசைக்கும் நொடியைக் குறித்துக்கொள்வதே சரி. மனத்துக்குள் படித்தால் வேகம் கூடிவிடும், அந்தக் கணக்கை நம்ப முடியாது. மாணவிகளின் பேச்சு முழுவதும் மூன்றேகால் நிமிடம் வந்தது. ‘வேண்டும்’ என்று முடிந்த வாக்கியங்களை ‘ஊற்றுங்கள்’, ‘கொட்டுங்கள்’ என்று நேராக மாற்றியதிலும், படமே சொல்லிவிடுவதைப் பேச்சிலிருந்து எடுத்ததிலும் கணிசமாகக் குறைந்தது. கேட்பதற்கும் அதுதான் இதமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தருகிற தொனி வந்துவிட்டது.

ஆனால் படமே சொல்லிவிடுவதை எவ்வளவு தூரம் எடுக்கலாம் என்பதில் இந்த வீடியோவுக்கு ஓர் எல்லை உண்டு. காதால் மட்டும் கேட்பவரும் இருக்கிறார் அல்லவா? ‘இதை இப்படி இதில் கொட்டுங்கள்’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. அளவும் பொருளின் பெயரும் பேச்சில் கட்டாயம் இருக்க வேண்டும், கை அசைவின் வர்ணனை தேவையில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொண்டோம்.

இனி இந்த ஆய்வின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திருத்திய அட்டவணை கையில் வந்ததும் வலப்பக்கத்தை ஒரு வெள்ளைத்தாளால் மூடினோம். வீடியோ வேலையில் சம்பந்தமே இல்லாத ஒருவரை, அந்த வீட்டு அத்தையை, கூப்பிட்டு இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துக் காட்டி, ‘இதில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்’ என்று கேட்டோம். அப்போது படங்களின் வரிசை இது: பாட்டிலில் தண்ணீர், பாக்கெட்டைக் கிழிப்பது, தூள் கொட்டுவது க்ளோஸ்-அப்பில், கரண்டியால் கலக்குவது க்ளோஸ்-அப்பில், தாய் கையில் தம்ளருடன் குழந்தை பக்கத்தில் உட்காருவது.

அத்தை யோசிக்காமல் சொன்னார்: “பாக்கெட்டைத் தம்ளர்ல கொட்டி, கலக்கிப் பிள்ளைக்குக் குடுக்கறாங்க.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலப்பக்கத்தில் ‘ஒரு லிட்டர்’ என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் ஒலி இல்லாத டிவியில் அந்தச் சொல் யாருக்கும் போய்ச் சேராது. தூள் கொட்டுவதும் கலக்குவதும் க்ளோஸ்-அப்பாக இருப்பதால் பாத்திரம் எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. அடுத்து வரும் படத்தில் தம்ளர் இருக்கிறது. பார்ப்பவர் மனம் இரண்டையும் தானாக இணைத்துக்கொள்கிறது.

இந்தத் தவறு எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் தூள்: சோடியம் குளோரைடு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே குடல் சுவரைக் கடந்து போகும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தத் தூளை ஒரு தம்ளரில், அதாவது 200 மில்லியில் கரைத்தால் கரைசல் ஐந்து மடங்கு அடர்த்தியாகிவிடும். அப்போது தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் குடலுக்குள் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு கூடும், இரத்தத்தில் சோடியமும் அபாய அளவுக்கு ஏறலாம். சின்னக் குழந்தைக்கு அது வலிப்பு வரை போகக்கூடியது. ஒரு ஷாட்டை எங்கிருந்து எடுப்பது என்ற தேர்வு இங்கே அழகு சம்பந்தப்பட்டதே இல்லை.

இதைச் சரிசெய்யப் பேச்சில் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதாது. வரிசைகளையே மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பகுதி இது. கடைசியாக இருக்கும் நொடிக் கணக்கு ஓரத்தில் பென்சிலால் எழுதியது.

| எண் | படம் | பேச்சு | நொடி |
|---|---|---|---|
| 4 | மேலிருந்து. காலிப் பாத்திரம், பக்கத்தில் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டில். கை மூடியைத் திறக்கிறது. | ஒரு லிட்டர் பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறவைத்ததாக இருந்தால் நல்லது. | 7 |
| 5 | பக்கவாட்டில், பாத்திரம் முழுதும் தெரிகிறது. பாட்டிலின் கடைசிச் சொட்டு விழுகிறது. | பாட்டில் தண்ணீர் முழுவதும் வேண்டும். | 4 |
| 6 | க்ளோஸ்-அப். கிழிக்காத பாக்கெட். ‘1 லிட்டர்’ என்று அச்சிட்ட இடத்தின் கீழ் விரல். | பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருக்கிறதா, பாருங்கள். | 5 |
| 7 | மேலிருந்து, காலி பாட்டிலும் ஃபிரேமில். பாக்கெட் பாத்திரத்தில் கொட்டுகிறது. | பாக்கெட் முழுவதையும் கொட்டுங்கள். பாதி வைத்துக்கொள்ள வேண்டாம். | 5 |
| 8 | மேலிருந்து. கரண்டியால் கலக்கத் தொடங்குகிறார். | தூள் அடியில் தங்காமல் கரையட்டும். | 3 |
| 9 | பக்கவாட்டில். கலக்குபவரின் முகம். | சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் இதில் சேர்க்க வேண்டாம். | 5 |
| 10 | மேலிருந்து. தெளிந்த கரைசல், பாத்திரத்தின் அடி தெரிகிறது. | பேச்சு இல்லை. | 2 |
| 11 | பாத்திரமும் தம்ளரும் ஒரே ஃபிரேமில். பாத்திரத்திலிருந்து தம்ளருக்கு ஊற்றி, பாத்திரத்தை மூடுகிறார். | குடிக்கக் கொடுக்கும்போது மட்டும் தம்ளரில் ஊற்றுங்கள். மீதியை மூடி வையுங்கள். | 6 |

முதல் அட்டவணையில் இல்லாத 11-ஆவது வரிசைதான் இதில் உயிர்நாடி. பாத்திரத்தையும் தம்ளரையும் ஒரே ஃபிரேமில் பார்த்துவிட்டால் எது எதில் கரைந்தது என்று குழப்பம் வராது. 7-ஆவது வரிசையில் காலி பாட்டிலை வேண்டுமென்றே விட்டுவைத்தோம். தண்ணீரின் அளவைச் சொல்ல நம் வீடுகளில் எல்லோருக்கும் பழகிய ஒரே பொருள் அதுதான். சொம்பு, குண்டான் எல்லாம் வீட்டுக்கு வீடு அளவு மாறும். மாற்றிய இடப்பக்கத்தை மறுபடியும் அத்தையிடம் படித்துக் காட்டினோம். “பாட்டில் தண்ணிய பாத்திரத்துல ஊத்தி, அதுல பாக்கெட்டப் போட்டு, அப்புறம் தம்ளர்ல எடுத்துக் குடுக்கறாங்க,” என்றார். அதற்குப் பிறகே போனைக் கையில் எடுத்தோம்.

நொடிக் கணக்கில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. பேச்சுக்கு ஒரு நேரம் உண்டு, செயலுக்கும் ஒரு நேரம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்தால் களக் களக் என்று முழுதும் காலியாகப் பேச்சுக்கு ஆகும் நேரத்தைப் போல் பல மடங்கு ஆகும். தூள் கரைவதும் அப்படித்தான். அட்டவணையில் ‘கலக்குகிறார், 3 நொடி’ என்று எழுதுவது எளிது. எடிட்டிங்கில் அதே கோணத்தில் இருக்கும் நீண்ட ஷாட்டை நடுவில் வெட்டினால் கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவது போல் இருக்கும். அந்தத் தாவலை மறைக்கத்தான் 9-ஆவது வரிசை. கலக்கத் தொடங்குவதைக் காட்டி, முகத்துக்குப் போய், திரும்பி வரும்போது கரைசல் தெளிந்திருக்கிறது. இடையில் போன நேரத்தை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த மாதிரி இடங்களை அட்டவணையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இடப்பக்கத்துச் செயலைக் கையால் நிஜமாகவே செய்து பார்த்து, அதற்கான நொடியையும் வேறு நிறப் பேனாவில் எழுதிவிட வேண்டும். இரண்டு எண்ணும் பெரிதாக விலகும் இடத்திலெல்லாம் இடையில் செருக ஒரு ஷாட் தேவை.

10-ஆவது வரிசையில் பேச்சு இல்லாததைப் பார்த்து மூவரில் ஒருவர், அந்த இடம் வெறுமையாக இருக்குமே, ஏதாவது எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எப்போது கலக்குவதை நிறுத்தலாம் என்பதற்கு விடை அந்தப் படம்தான். அதைப் பார்க்க இரண்டு நொடி அமைதி வேண்டும். வலப்பக்கம் காலியாக இருக்கும் கட்டத்தில் ‘பேச்சு இல்லை’ என்று எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மறந்துபோய் விடுபட்டதா, தெரிந்தே விட்டதா என்று எடிட் செய்பவருக்குத் தெரியாது.

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் இந்த அட்டவணையிலிருந்து இன்னொரு பட்டியல் எடுத்தோம். அட்டவணை பார்க்கும் வரிசையில் இருக்கிறது, எடுக்கும் வரிசை வேறு. போன் மேலே மாட்டியிருக்கும் ஷாட்டுகள் 4, 7, 8, 10. பக்கவாட்டில் 5, 9, 11. ஒவ்வொரு கோணத்தையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்தால் ட்ரைபாடைத் திரும்பத் திரும்ப நகர்த்த வேண்டாம், வெளிச்சமும் ஒன்றுபோல் இருக்கும். இது பொதுவாக எல்லோரும் சொல்வதுதான். ஆனால் சமையலறை வேலையில் இதை அப்படியே பின்பற்ற முடியாது. கிழித்த பாக்கெட்டை ஒட்ட முடியாது, கரைந்த தூளைப் பிரிக்க முடியாது. இடப்பக்கத்தில் இப்படித் திருப்ப முடியாத செயல்கள் இருக்கும் வரிசைகளுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னேன். சிவப்புப் புள்ளி வைத்த வரிசையை ஒருமுறை திரும்ப எடுப்பதென்றால் ஒரு புதிய பாக்கெட்டும் ஒரு லிட்டர் தண்ணீரும் வேண்டும். அந்தக் கணக்கில் கூடுதல் பாக்கெட்டுகளை முன்பே வாங்கி வைத்தார்கள். கிழிக்காத பாக்கெட் தெரியும் 6-ஆவது வரிசையைக் காலையில் முதல் ஷாட்டாக எடுத்துவிட்டார்கள்.

குரலைப் பொறுத்தவரை, 1-ஆவது வரிசையும் கடைசி வரிசையும் மட்டும் மாணவி கேமராவைப் பார்த்துப் பேசுவது. மற்றதெல்லாம் பின்னணிக் குரல். வலப்பக்கத்தில் இந்த வேறுபாட்டை ‘நேர்’, ‘பின்’ என்று ஒரு சொல்லில் குறித்தோம். பின்னணிக் குரலை எடுப்பதற்கு முன்பே போனில் ஒரு மாதிரிப் பதிவு செய்துகொண்டு, மேலிருந்து எடுக்கும் ஷாட்டுகளின்போது இன்னொரு போனில் அதை ஓடவிட்டார்கள். கை அசைவு பேச்சின் வேகத்துக்குத் தானாக இசைந்தது. ‘முழுவதையும் கொட்டுங்கள்’ என்று கேட்கும்போது பாக்கெட்டைத் தட்டிக் காலி என்று காட்டும் அசைவு அப்படி வந்ததுதான், அட்டவணையில் இல்லை. ஒவ்வொரு ஷாட்டின் முன்னும் பின்னும் ஐந்து நொடி சும்மா ஓடவிட வேண்டும் என்பது மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். ‘ஸ்டார்ட்’ சொன்ன அதே நொடியில் கை அசைந்தால் வெட்டுவதற்கு இடம் கிடைக்காது.

அட்டவணையால் முன்கூட்டிக் காண முடியாததும் உண்டு. எவர்சில்வர் பாத்திரத்தை மேலிருந்து எடுத்தபோது அதன் விளிம்பில் போனும் எடுப்பவர் முகமும் பிரதிபலித்தன. கண்ணாடிப் பாத்திரம் வைத்தால் கரைவது இன்னும் நன்றாகத் தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. நான் அதற்கு ஒப்பவில்லை. பார்ப்பவர் வீட்டில் இருப்பது எவர்சில்வர். போனைச் சற்றுத் தள்ளிச் சாய்த்து, ஜன்னல் எதிர்ப்பக்கம் வரும்படி மேசையைத் திருப்பி, எடுப்பவர் வெளிர்நிறத் துப்பட்டா போட்டுக்கொண்டதும் பிரதிபலிப்பு கண்ணை உறுத்தவில்லை. இந்த மாற்றங்களையும் அந்தந்த வரிசையின் ஓரத்தில் உடனே குறித்துக்கொண்டார்கள். எந்த டேக் நல்லது என்ற எண்ணும் அங்கேயே இருந்தது. எடிட்டிங் அதனால் ஒரு மாலையில் முடிந்தது.

இந்த முறை எல்லா வீடியோவுக்கும் பொருந்தாது. இதே மாணவிகள் பிறகு ஒரு தாயிடம் பேட்டி எடுக்க நினைத்தபோது இப்படி அட்டவணை எழுத வேண்டாம் என்றேன். அவர் என்ன சொல்வார் என்று வலப்பக்கத்தில் முன்பே எழுதிவைத்தால், அதைச் சொல்ல வைக்கத்தான் கேள்வி கேட்போம். பேட்டிக்குக் கேள்விகளும், எடுக்க வேண்டிய துணைக்காட்சிகளின் பட்டியலும் போதும். பேசியதைக் கேட்டு எழுதிய பிறகு, எடிட்டிங்குக்காக இரண்டு பத்தியில் அடுக்கலாம்.

சில வாரம் கழித்து ஒரு தேவை வந்தது. மருந்துக் கடைகளில் 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது. அதை வாங்கிவந்து ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசல் நீர்த்துப்போய், இழந்த உப்பை ஈடுகட்டாது. சின்ன பாக்கெட்டுக்குத் தனியாக ஒரு வீடியோ வேண்டும் என்று மாணவிகளே முடிவு செய்தார்கள். பழைய அட்டவணையை எடுத்து வைத்து வரிசை வரிசையாகக் குறுக்கே படித்தார்கள். 1 முதல் 3 வரை அப்படியே இருக்கலாம். 4-இலிருந்து 8 வரையும், 10, 11-உம் மீண்டும் எடுக்க வேண்டும், ஏனென்றால் இப்போது தூள் நிஜமாகவே தம்ளரில்தான் கரைகிறது. 9-ஆவது வரிசையில் முகம் மட்டும் தெரிவதால் அதை மறுபடி பயன்படுத்தலாம் என்றார் ஒருவர். கலக்கும் கையின் வீச்சு பெரிய பாத்திரத்துக்கு உரியது, தம்ளருக்குப் பொருந்தாது என்று இன்னொருவர் சொல்ல, அதையும் மீண்டும் எடுக்க வேண்டியவற்றோடு சேர்த்தார்கள்.